கடைசி வரியில் ஒளிந்திருக்கும் மேனேஜர்

கேள்வி: 9 வருடம் ஆரக்கிள் டிபிஏ, கடந்த 2 வருடமாக 8 பேர் குழுவுக்கு மேனேஜர். என் லிங்க்ட்இன் அறிமுகம் "11 வருட அனுபவமுள்ள ஆரக்கிள் டிபிஏ; ஆர்ஏசி, டேட்டா கார்டு, டியூனிங்" என்று தொடங்கி, "தற்போது குழுவை நிர்வகிக்கிறேன்" என்று முடிகிறது. டிபிஏ வேலைக்குத்தான் கூப்பிடுகிறார்கள். இரவு அவசர அழைப்புகள் முன்பு எனக்கு மட்டுமே வரும். மற்றவர்களைப் பழக்கியதில் இப்போது 5 பேர் முறைவைத்துப் பார்க்கிறார்கள். இதையெல்லாம் எப்படி எழுதுவது?
— வாசகி, கோயம்புத்தூர்

பதில்: கடைசி வரியைத் தூக்கி மேலே வைத்தால் மட்டும் போதாது. "நிர்வகிக்கிறேன்" என்பது பதவியைச் சொல்கிறது. நீங்கள் வந்தபின் அந்தக் குழுவில் என்ன மாறியது என்பதைச் சொல்வதில்லை. நீங்கள் போகிறபோக்கில் எழுதியிருக்கும் இரவு அழைப்பு விஷயம்தான் உங்கள் அறிமுகத்தின் மையம். அதை வைத்து எழுதிப் பார்க்கிறேன்:

"ஒரே ஆளை நம்பி ஓடும் டேட்டாபேஸ் குழுவை, எல்லோரும் பொறுப்பேற்கும் குழுவாக மாற்றுவது என் வேலை. 8 பேர் குழுவில் இரவு அழைப்புகள் எல்லாம் எனக்கே வந்துகொண்டிருந்தன. ஒவ்வொருவராகப் பழக்கினேன். இன்று 5 பேர் முறைவைத்துக் கவனிக்கிறார்கள். 9 ஆண்டுகள் ஆரக்கிள் டிபிஏவாக இருந்ததால், எந்தப் பிரச்சினையை ஒருவரிடம் தனியாக விடலாம், எதற்கு நானும் உடனிருக்க வேண்டும் என்று என்னால் கணிக்க முடிகிறது."

டிபிஏ அனுபவம் இதில் காணாமல் போகவில்லை. நீங்கள் ஏன் நல்ல மேனேஜர் என்பதற்குக் காரணமாக நிற்கிறது. எப்படிப் பழக்கினீர்கள் என்பதை உங்கள் சொற்களில் ஒரு வரி சேருங்கள். செய்முறைக் குறிப்பு எழுத வைத்தீர்களா, முதல் சில இரவுகள் கூடவே இருந்தீர்களா? இன்டர்வியூவில் தோண்டிக் கேட்கப்போவது அந்த வரியைத்தான்.

"நாங்கள் செய்தோம்" என்று அடக்கமாக எழுதுவது நம்மில் பலருக்கும் பழக்கம். படிப்பவருக்கு அதில் உங்கள் பங்கு தெரியாது. முடிவு எடுத்த இடத்தில் "நான்" போடுங்கள். விளைவைக் குழுவின் பெயரில் எழுதுங்கள்.

ஆர்ஏசி, டேட்டா கார்டு எல்லாம் திறன்கள் பகுதிக்குப் போகட்டும். ஆள் தேடுபவர் முதலில் பார்ப்பது உங்கள் பெயருக்குக் கீழே உள்ள தலைப்பு வரி. 220 எழுத்துகள்தான் அதற்கு இடம். அங்கே "டேட்டாபேஸ் குழு மேனேஜர்" முதலில் வரட்டும், ஆரக்கிள் பின்னால் வரட்டும். எழுதி முடித்ததும் தொழில்நுட்பச் சொற்களை மட்டும் அடித்துவிட்டு மீதியைப் படியுங்கள். சொல்ல ஒன்றும் மிஞ்சவில்லை என்றால் அது இன்னும் டிபிஏவின் அறிமுகம்தான்.

ஒரு எச்சரிக்கை. "உங்களுக்கு நேரடியாக ரிப்போர்ட் செய்பவர்கள் எத்தனை பேர்?" என்று கட்டாயம் கேட்பார்கள். அந்த 8 பேரில் யாருடைய அப்ரைசலை நீங்கள் எழுதுகிறீர்களோ, யாருடைய லீவுக்கு நீங்கள் ஒப்புதல் தருகிறீர்களோ, அவர்களை மட்டும் எண்ணுங்கள். 3 பேர்தான் என்றால், "8 பேரின் பணியை ஒருங்கிணைக்கிறேன், அதில் 3 பேர் எனக்கு நேரடி ரிப்போர்ட்" என்று அறிமுகத்திலேயே எழுதிவிடுங்கள்.