ஸ்ட்ரைக்கர் பின்னால் இறங்கினால் யார் பிடிப்பது?

"எங்கள் தோட்டத்து ஃபுட்பால் டீமில் ஆளுக்கு ஆள் பிடிக்கிறோம். எதிரணி இடம் மாறி மாறி ஆடினால் சிதறிவிடுகிறோம். ஆளைத் துரத்தாமல் அவரவர் இடத்தைக் காக்கும் ஸோன் முறைக்கு மாறலாமா?"

மாறலாம், ஆனால் திடலில் பேசிக்கொண்டே ஆட வேண்டும். ஆளுக்கு ஆள் முறையில் ஸ்ட்ரைக்கர் நடுத்திடலுக்கு இறங்கினால் உங்கள் சென்டர் பேக்கும் பின்னாலேயே போவார், அவர் விட்ட இடத்துக்குள் விங்கர் ஓடி வந்தால் அப்புறம் எதிரே கோல்கீப்பர் மட்டும்தான்.

ஸோனில் சென்டர் பேக் கொஞ்ச தூரம் கூடப் போய், "உன் ஆள்!" என்று மிட்பீல்டரிடம் கத்தி ஒப்படைத்துவிட்டுத் தன் இடத்துக்குத் திரும்பலாம். சிக்கலே அந்த ஒப்படைப்பில்தான். 2009-ல் மெஸ்ஸி இப்படி இறங்கி ஆடியபோது, கூடப் போவதா நிற்பதா என்று ரியல் மாட்ரிட் சென்டர் பேக்குகள் தடுமாறினார்கள். பார்சிலோனா 6-2 என ஜெயித்தது.

ஸ்ட்ரைக்கர் பந்தை வாங்கி நிதானமாக உங்கள் கோல் பக்கம் திரும்புகிறார் என்றால் உங்கள் மிட்பீல்டர் தாமதமாக வருகிறார். முதலில் அதைச் சரிசெய்யுங்கள்.