சிறுநீர்த் தொற்றில் ஈ.எஸ்.பி.எல். கிருமி: ஆய்வக மருத்துவரிடம் டெல்டா வாசகர்கள் கேட்டவை

மன்னார்குடி பக்கத்திலிருந்து ஒரு மருமகள்: மாமியாருக்கு 58 வயது, சர்க்கரை உண்டு. நீர்க்கடுப்பு என்றதும் கடையில் செஃபிக்சிம் வாங்கி ஐந்து நாள் கொடுத்தோம். இரண்டு நாள் தேவலை, பிறகு குளிர்சுரம், வலது இடுப்புக்கு மேலே வலி. கல்ச்சரில் ஈ.கோலை, ஈ.எஸ்.பி.எல். பாசிட்டிவ். டாக்டர் தினமும் ஊசி என்கிறார். ரிப்போர்ட்டில் நைட்ரோஃபுரான்டோயின் மாத்திரைக்கும் 'எஸ்' போட்டிருக்கிறதே, அதைக் கொடுத்தால் ஆகாதா?

ஊசியே போடுங்கள் அம்மா. இந்த மருந்துக்குக் கிருமி அடங்கும் என்று சொல்லும் அந்த 'எஸ்' பொய்யில்லை. ஆனால் அது சிறுநீர்ப்பைக்கு மட்டும் பொருந்தும். நைட்ரோஃபுரான்டோயின் குடலில் உறிஞ்சப்பட்டு வேகமாகச் சிறுநீரில் வந்துவிடுகிறது. சிறுநீரில் ஏராளமாக இருக்கும், ரத்தத்திலும் சிறுநீரகத் தசையிலும் கிருமியைக் கொல்லும் அளவுக்குச் சேராது. பொடியாகக் கரைத்துக் குடிக்கும் ஃபாஸ்ஃபோமைசினையும் இந்தக் கட்டத்தில் நம்பக் கூடாது. எரிச்சல் மட்டும் இருந்த முதல் நாளில் இந்த இரண்டில் ஒன்று அவருக்குப் போதுமானதாக இருந்திருக்கும். குளிர்சுரமும் பக்கவாட்டு வலியும் வந்துவிட்டன என்றால் தொற்று மேலே ஏறிச் சிறுநீரகத்தைத் தொட்டுவிட்டது. இனி ரத்தத்தில் நிற்கும் மருந்து வேண்டும்.

செஃபிக்சிம் ஏன் கேட்கவில்லை என்பதற்கும் இதே ரிப்போர்ட்டில் விடை இருக்கிறது. பென்சிலின், செஃபலோஸ்போரின் இரண்டு குடும்ப மருந்துகளுக்கும் நடுவில் ஒரு சின்ன வளையம் உண்டு, அது உடைந்தால் மருந்து செத்தது. ஈ.எஸ்.பி.எல். என்பது அந்த வளையத்தை உடைக்க இந்தக் கிருமி சுரக்கும் நொதி. செஃபிக்சிம், செஃப்ட்ரியாக்சோன், செஃபோடாக்சைம் எல்லாமே அதற்கு இரை. மெரோபெனம், எர்டாபெனம் முதலிய கார்பாபெனம் மருந்துகளிலும் வளையம் உண்டு, ஆனால் இந்த நொதியால் அதை உடைக்க முடிவதில்லை. இரண்டு நாள் தேவலையாக இருந்ததை வைத்து மருந்து வேலை செய்தது என்று எண்ண வேண்டாம். நிறையத் தண்ணீர் குடித்தாலும், சிறுநீரில் மருந்து அடர்ந்து நின்றாலும் எரிச்சல் கொஞ்ச நேரம் அடங்கும்.

தினம் ஒரு முறை என்று டாக்டர் சொன்னதால் அது எர்டாபெனமாக இருக்கலாம். ஒரு கிராம், நரம்பு வழியாக அரை மணி நேரம் ஏற்றுவார்கள். மெரோபெனம் என்றால் எட்டு மணி நேரத்துக்கு ஒரு முறை, ஆஸ்பத்திரிப் படுக்கையில்தான் இருக்க வேண்டும். மாமியார் சாப்பிடுகிறார், வாந்தி இல்லை, ரத்த அழுத்தம் சரியாக இருக்கிறது என்றால் வீட்டிலிருந்து போய் வந்தே போட்டுக்கொள்ளலாம். முதல் ஊசிக்கு முன் கிரியேட்டினின் பார்க்கச் சொல்லுங்கள், சிறுநீரகம் மிகவும் தளர்ந்திருந்தால் அளவைப் பாதியாக்குவார்கள். வலிப்புக்கு வால்ப்ரோயேட் சாப்பிடுபவரா என்பதையும் நீங்களாகவே சொல்லிவிடுங்கள். கார்பாபெனம் ஏறினால் ரத்தத்தில் வால்ப்ரோயேட் அளவு சரசரவென இறங்கி, அடங்கியிருந்த வலிப்பு திரும்பிவிடும். கேட்க மறந்துபோகிற கேள்வி இது.

இரண்டு, மூன்று நாளில் காய்ச்சல் இறங்க வேண்டும். இறங்கினால் மொத்தம் ஏழு நாள் அளவில் முடிப்பார்கள். இறங்காவிட்டால் மருந்தை மாற்றுவதற்கு முன் ஸ்கேன் எடுக்கச் சொல்லுங்கள். கல் அடைத்திருக்கலாம், சீழ் கட்டியிருக்கலாம். சர்க்கரை உள்ளவர்களுக்குச் சிறுநீரகத்திலேயே கிருமி வாயு உண்டாக்குவதும் உண்டு, அது உயிருக்கு ஆபத்து. நடுவில் மயக்கமாகப் பேசினாலோ, சிறுநீர் குறைந்தாலோ, வாந்தி நிற்காவிட்டாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரியில் சேருங்கள், விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

திருவாரூர், மருந்துக்கடையில் இருபது வருடமாக இருப்பவர்: செஃபிக்சிம் கேட்காவிட்டால் டோஸைக் கூட்டலாம், இல்லையென்றால் செஃப்ட்ரியாக்சோன் ஊசி. கிளாவுலானேட் சேர்த்த மாத்திரை கொடுத்தால் ஈ.எஸ்.பி.எல். அடங்கிவிடும். நான் பார்த்தவரை இதுதான். தப்பா சார்?

கிளாவுலானேட் விஷயத்தில் பாதி சரி. இந்தக் கிருமியை ஆய்வகத்தில் நாங்கள் உறுதிசெய்வதே அதை வைத்துத்தான். ஒரே தட்டில் செஃப்டாசிடிம் வில்லை ஒன்று, செஃப்டாசிடிமுடன் கிளாவுலானேட் சேர்த்த வில்லை இன்னொன்று வைப்போம். இரண்டாவதைச் சுற்றிக் கிருமி வளராத வட்டம் 5 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ பெரிதானால் பாசிட்டிவ் என்று எழுதுவோம். நொதியைக் கிளாவுலானேட் கட்டிப்போடுகிறது என்பது உண்மை.

ஆனால் நோயாளியின் உடம்பில் அந்தக் கிருமி ஒரே ஒரு நொதியோடு வருவதில்லை. நம் நாட்டில் அதிகம் காணும் சி.டி.எக்ஸ்.-எம்-15 வகையோடு ஓ.எக்ஸ்.ஏ.-1 என்ற இன்னொன்றும் பல நேரம் சேர்ந்தே இருக்கும். கிளாவுலானேட்டுக்கு அது எளிதில் மசியாது. இதே தத்துவத்தில் செய்த பிப்பராசிலின்-டாசோபாக்டம் ஊசியை மெரோபெனத்தோடு ஒப்பிட்ட மெரினோ ஆய்வு 2018-இல் வெளிவந்தது. செஃப்ட்ரியாக்சோனுக்கு அடங்காத ஈ.கோலை, கிளெப்சியெல்லா ரத்தத்தில் பரவியவர்களில், முப்பது நாளுக்குள் இறந்தவர்கள் மெரோபெனம் பக்கம் 3.7 சதவீதம், மற்றப் பக்கம் 12.3 சதவீதம். ரிப்போர்ட்டில் 'எஸ்' என்று இருந்தும் இந்த வித்தியாசம். அது ரத்தத் தொற்றைப் பற்றியது, வெறும் நீர்க்கடுப்பைப் பற்றியதல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். காய்ச்சல் இல்லாத சிறுநீர்ப்பைத் தொற்றில் அமாக்ஸிசிலின்-கிளாவுலானேட் கொடுக்கலாமா என்பதில் மருத்துவர்களிடையே இன்றும் ஒரே கருத்து இல்லை. வேறு மாத்திரை 'எஸ்' என்று இருக்கும்போது நான் அதை முதலில் தேர்ந்தெடுக்க மாட்டேன்.

டோஸைக் கூட்டுவது மட்டும் தயவுசெய்து வேண்டாம். ஒரு நொதி மூலக்கூறு ஒரு மருந்தை உடைத்ததும் தீர்ந்துபோவதில்லை, அடுத்ததை உடைக்கத் தயாராக நிற்கும். செஃப்ட்ரியாக்சோனும் அதே குடும்பம். இன்னொன்று, இந்த மரபணுக்கள் பெரும்பாலும் பிளாஸ்மிட் என்ற தனி டி.என்.ஏ. வளையத்தில் இருக்கின்றன. சிப்ரோஃப்ளாக்சசின், கோட்ரைமாக்சசோல், ஜென்டாமைசின் ஆகியவற்றைத் தாங்கும் குணமும் அதிலேயே சேர்ந்து வருவதுண்டு. கல்ச்சர் இல்லாமல் ஒன்றை மாற்றி ஒன்று கொடுத்துப் பார்ப்பதில் நாள்தான் போகும். எரிச்சலோடு வருகிற பெண்ணுக்குக் காய்ச்சல் உண்டா, பக்கவாட்டில் வலி உண்டா என்று உங்கள் கவுன்ட்டரிலேயே கேட்டு, உண்டென்றால் டாக்டரிடம் அனுப்பினால் பெரிய உதவியாக இருக்கும்.

நாகப்பட்டினம் பக்கத்திலிருந்து, 67 வயது: எனக்கு எரிச்சல், காய்ச்சல் ஒன்றும் கிடையாது. கண் ஆபரேஷனுக்கு முன் எடுத்த டெஸ்டில் கிளெப்சியெல்லா, ஈ.எஸ்.பி.எல்., ஒரு லட்சத்துக்கு மேல் என்று வந்திருக்கிறது. எத்தனை ஊசி போட வேண்டியிருக்கும் ஐயா?

ஒன்றுகூட வேண்டாம் ஐயா. தொந்தரவு எதுவும் இல்லாமல் சிறுநீரில் கிருமி இருப்பது வயதானவர்களிடம் சாதாரணம். அதற்கு மருந்து கொடுத்தால் கிருமி சில வாரத்தில் திரும்பி வரும், அப்போது முன்னைவிட முரட்டு வகையாகவும் வரலாம். சிறுநீர்ப் பாதைக்குள்ளேயே கருவி விட்டுச் செய்யும் அறுவை என்றால் முன்கூட்டியே மருந்து தருவோம். கண் ஆபரேஷனுக்கு அது பொருந்தாது.

பட்டுக்கோட்டை, ஏழாம் மாத கர்ப்பிணி: எனக்கும் எரிச்சல் இல்லை, கல்ச்சரில் மட்டும் ஈ.எஸ்.பி.எல். ஈ.கோலை. அந்த ஐயாவுக்கு வேண்டாம் என்றீர்கள். அப்போ எனக்கும் வேண்டாம்தானே டாக்டர்?

உங்களுக்கு வேண்டும் அம்மா. கர்ப்பத்தில் தொந்தரவு இல்லாத கிருமிகூடச் சிறுநீரகத்துக்கு ஏறக்கூடும், குறைப்பிரசவ ஆபத்தும் உண்டு. ரிப்போர்ட்டில் 'எஸ்' இருந்தால் ஃபாஸ்ஃபோமைசின் 3 கிராம் ஒரே வேளை, அல்லது நைட்ரோஃபுரான்டோயின் ஐந்திலிருந்து ஏழு நாள் என்று உங்கள் மகப்பேறு டாக்டர் எழுதுவார். 38 வாரத்துக்குப் பிறகு நைட்ரோஃபுரான்டோயின் தருவதில்லை, குழந்தையின் ரத்த அணுக்கள் உடைய வாய்ப்பு இருப்பதால். உங்களுக்கு இன்னும் நாள் இருக்கிறது. முடித்து ஓரிரு வாரத்தில் கல்ச்சரை மறுபடி பாருங்கள்.

வேதாரண்யத்திலிருந்து, நடவு வேலைக்குப் போகும் பெண்: வயலில் ஒதுங்க இடமில்லாமல் காலையிலிருந்து தண்ணி குடிக்காமல் அடக்கிக்கொள்வோம். அதனால்தான் இந்தக் கிருமி வந்ததா? ஆறு மணிக்குப் பிடித்த சிறுநீரை பஸ்ஸில் கொண்டுபோய் பத்தரை மணிக்கு லேபில் கொடுத்தேன். மூன்று விதக் கிருமி வளர்ந்தது, மறுபடி கொண்டு வா என்கிறார்கள். பிள்ளைகளுக்கு ஒட்டுமா?

அடக்குவதாலும் தண்ணீர் குடிக்காததாலும் தொற்று வரும், ஈ.எஸ்.பி.எல். அதனால் வருவதில்லை. அந்தக் கிருமி ஏற்கெனவே குடலில் இருந்திருக்கும். சாப்பாடு, தண்ணீர் வழியாகவும், முன்பு சாப்பிட்ட ஆன்டிபயாட்டிக்காலும் அது குடலில் இடம்பிடிக்கும், மாதக் கணக்கில் தங்கும். பிள்ளைகளிடமும் இருக்கலாம். நன்றாக இருக்கும் பிள்ளைக்கு டெஸ்டும் வேண்டாம், மருந்தும் வேண்டாம், தட்டைத் தனியாக வைக்கவும் வேண்டாம். கழிப்பறைக்குப் போய் வந்ததும், சமைக்கும் முன்னும் சோப்புப் போட்டுக் கை கழுவினால் போதும்.

லேபில் கேட்டது நியாயமானதே. வெயிலில் நாலரை மணி நேரம் இருந்த சிறுநீரில் ஈ.கோலை இருபது, முப்பது நிமிடத்துக்கு ஒரு முறை இரட்டிக்கும். தோலிலிருந்து விழுந்த நாலு கிருமிகூட எண்ணிக்கையில் பெருகி நோய்க் கிருமி மாதிரித் தோன்றும். மூன்று விதம் வளர்ந்தால் அது பெரும்பாலும் வெளியிலிருந்து கலந்ததுதான். முடிந்தால் லேபுக்கே போய்ப் பிடியுங்கள். தண்ணீரால் கழுவிக்கொண்டு, முதலில் வருவதை விட்டுவிட்டு, நடுவில் வருவதை அவர்கள் தரும் டப்பாவில் பிடிக்க வேண்டும். வீட்டில்தான் பிடிக்க முடியும் என்றால் இரண்டு மணி நேரத்துக்குள் சேர வேண்டும், அல்லது ஐஸ் வைத்த பையில் கொண்டுவர வேண்டும். எந்த ஆன்டிபயாட்டிக்கும் ஆரம்பிப்பதற்கு முன் பிடிப்பது இதையெல்லாம்விட முக்கியம்.

தஞ்சாவூர், ஒரு ஆசிரியர்: அப்பாவுக்கு இதே தொற்று, காய்ச்சலும் இருக்கிறது. தினமும் அவரை ஊசிக்கு அழைத்துப் போக ஆளில்லை. ஃபாரோபெனம் என்று மாத்திரையாகவே கிடைக்கிறதாமே?

கிடைக்கிறது, நம் ஊர்ச் சீட்டுகளில் நிறையவே எழுதப்படுகிறது. ஆய்வகத் தட்டில் ஈ.எஸ்.பி.எல். கிருமியை அது தடுக்கிறது. ஆனால் காய்ச்சலோடு வந்த சிறுநீரகத் தொற்றில் கார்பாபெனம் ஊசிக்கு ஈடாக அதை வைக்கும் அளவுக்கு நல்ல ஒப்பீட்டு ஆய்வுகள் இல்லை. அதைப் பரவலாகக் கொடுப்பது கார்பாபெனத்தையே தாங்கும் கிருமிகளை வளர்த்துவிடுமோ என்ற கவலையும் இருக்கிறது. எளிய நீர்க்கடுப்பில் அதற்கு இடம் உண்டு என்று நினைக்கும் மருத்துவர்களும் இருக்கிறார்கள், அவர்கள் சொல்வதை நான் முற்றாக மறுக்கவில்லை. உங்கள் அப்பாவுக்குக் காய்ச்சல் இருப்பதால் அதை நம்ப மாட்டேன்.

ரிப்போர்ட்டில் அமிக்காசின் என்ற வரியைப் பாருங்கள். 'எஸ்' இருந்து, கிரியேட்டினினும் சரியாக இருந்தால், எடைக்கு ஏற்ற அளவில் தினம் ஒரே ஊசி. தசையிலும் போடலாம், ஆகவே வீட்டுக்கு வரும் நர்ஸ் போட்டுவிட்டுப் போக முடியும். அது சிறுநீரகத்தையும் காதையும் பாதிக்கக் கூடியது. நடுவில் கிரியேட்டினினை மறுபடி பார்க்க வேண்டும், காதில் இரைச்சல் கேட்டால் உடனே நிறுத்த வேண்டும். சிப்ரோவோ கோட்ரைமாக்சசோலோ 'எஸ்' என்று வந்திருந்தால் உங்கள் கவலை இன்னும் எளிதில் தீரும். அவை இரண்டும் சிறுநீரகத் தசைக்குள் போகும் மாத்திரைகள், கிருமி ஈ.எஸ்.பி.எல். என்பதற்காக அவற்றை ஒதுக்க வேண்டியதில்லை. ரிப்போர்ட்டை எடுத்துக்கொண்டு போய் இந்த மூன்று வரிகளையும் டாக்டரிடம் காட்டிக் கேளுங்கள்.