பாக்கெட் பின்பக்கத்தில் இருப்பதை டீஸ்பூன் கணக்காக மாற்றுவது எப்படி?

கேள்வி: அம்மாவுக்குச் சர்க்கரையும் பிரஷரும் இருக்கிறது. தினமும் சாப்பிடும் பிஸ்கட், மிக்சர் பாக்கெட்டுகளின் பின்பக்கத்தைப் போட்டோ எடுத்து வைத்திருக்கிறேன். ஒரு நாளைக்கு எத்தனை ஸ்பூன் சர்க்கரையும் உப்பும் உள்ளே போகிறது என்று எப்படிக் கணக்குப் போடுவது?

பதில்:

இதே கணக்கை என் அப்பாவுக்காகப் போட்டிருக்கிறேன். முதல் தடவை தப்பாகவும் போட்டேன், அதனால் எங்கெங்கே சறுக்கும் என்பது கொஞ்சம் தெரியும்.

அப்பா காபியில் சர்க்கரையை நிறுத்தி மூன்று வருஷம் ஆகிறது. அதில் அவருக்கு ரொம்பப் பெருமை. ஆனால் காலையில் அந்தக் காபியோடு நாலு பிஸ்கட், சாயங்காலம் நாலு பிஸ்கட், டிவி பார்க்கும்போது ஒரு கை மிக்சர், செய்தி முடிவதற்குள் இன்னொரு கை. இதெல்லாம் அவர் கணக்கில் சாப்பாடே இல்லை.

முதலில் உங்கள் போட்டோவைப் பெரிதாக்கிப் பாருங்கள். அட்டவணையில் பெரும்பாலும் இரண்டு மூன்று பத்திகள் இருக்கும்: ஒன்று 100 கிராமுக்கு, ஒன்று ஒரு சர்விங்குக்கு, இன்னொன்று ஆர்டிஏ சதவீதம், அதாவது ஒரு நாளைக்குப் பரிந்துரைக்கும் அளவில் எத்தனை சதவீதம் என்பது. நான் முதலில் செய்த தப்பு இங்கேதான். சர்விங் பத்தியில் இருந்த எண்ணை எடுத்து, அதுதான் அப்பா சாப்பிடுவது என்று நினைத்துவிட்டேன். சர்விங் என்பது கம்பெனி எழுதிய அளவு. அந்த பாக்கெட்டில் அது 30 கிராம், அதாவது ஐந்து பிஸ்கட். அப்பா சாப்பிடுவதோ எட்டு. அதனால் சர்விங்கை மறந்துவிட்டு எப்போதும் 100 கிராம் பத்தியையே எடுங்கள். அதில் வேண்டியது இரண்டே வரிகள்: ஆடட் சுகர்ஸ், சோடியம்.

டோட்டல் சுகர்ஸ் என்று இன்னொரு வரி இருக்கும். பால், பழம் இவற்றில் இயல்பாக இருக்கும் சர்க்கரையும் அதில் அடக்கம். பிஸ்கட்டில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இருக்காது. பால் பவுடரோ உலர்பழமோ நிறைய சேர்த்த பண்டத்தில் இருக்கும்.

இனி, அம்மா ஒரு நாளைக்கு எத்தனை கிராம் சாப்பிடுகிறார் என்பது தெரிய வேண்டும். போட்டோவில் இல்லாத ஒரே விவரம் இதுதான், மொத்தக் கணக்கும் இதன் மேல்தான் நிற்கிறது. பிஸ்கட் என்றால் சுலபம். பாக்கெட்டின் நிகர எடையை உள்ளே இருக்கும் பிஸ்கட் எண்ணிக்கையால் வகுத்தால் போதும். எங்கள் வீட்டு பாக்கெட் 120 கிராம், உள்ளே 20 பிஸ்கட். ஒன்று 6 கிராம், எட்டு பிஸ்கட் 48 கிராம்.

மிக்சரில்தான் சிக்கல். "ஒரு கைதானேப்பா" என்பார். அந்த ஒரு கையை ஒருநாள் சமையலறைத் தராசில் கொட்டச் சொன்னேன். 25 கிராம் காட்டியது. இரண்டு கை, 50 கிராம். தராசு இல்லையென்றால் வேறு வழி உண்டு: பாக்கெட்டைப் பிரித்த தேதியை அதன் மேலேயே பேனாவால் எழுதிவிடுங்கள். 200 கிராம் பாக்கெட்டை ஒருவரே நாலு நாளில் காலி செய்தால், நாளுக்கு 50 கிராம். "எவ்வளவு சாப்பிடுறீங்க" என்று கேட்டால் வரும் பதிலைவிட இந்தத் தேதிக் கணக்கை நம்பலாம்.

இப்போது சர்க்கரை. 100 கிராம் எண்ணைச் சாப்பிட்ட கிராமால் பெருக்கி, 100-ஆல் வகுத்தால் கிராம் கிடைக்கும். அதை 4-ஆல் வகுத்தால் டீஸ்பூன். 5 மில்லி டீஸ்பூனில் தலைதட்டி எடுத்த சர்க்கரை சுமார் 4 கிராம். குவித்து அள்ளினால் கணக்கு போய்விடும்.

அப்பாவின் பிஸ்கட்டில் 100 கிராமுக்கு ஆடட் சுகர்ஸ் 22 கிராம். 22 × 48 ÷ 100 = 10.56 கிராம், அதாவது இரண்டரை டீஸ்பூனுக்குச் சற்று மேல். மிக்சரில் 100 கிராமுக்கு 2 கிராம்தான், 50 கிராமில் 1 கிராம், கால் டீஸ்பூன். ஆக மொத்தம் கிட்டத்தட்ட மூன்று டீஸ்பூன். காபியில் போடாமல் விட்ட சர்க்கரை பிஸ்கட் வழியாகத் திரும்பி வந்துவிட்டது.

இதை வாயால் சொன்னபோது அப்பா அசையவில்லை. ஒரு சாஸரில் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தலைதட்டிக் கொட்டி, பக்கத்தில் எட்டு பிஸ்கட்டை அடுக்கிவைத்தேன். ரொம்ப நேரம் சாஸரையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம், "இதுல எறும்பு வந்துடும், எடுத்து வை" என்றார்.

உப்புக்கு ஒரு படி கூடுதல். இந்திய பாக்கெட்டில் இருப்பது உப்பு அல்ல, சோடியம், அதுவும் மில்லிகிராமில். உப்பில் ஐந்தில் இரண்டு பங்குதான் சோடியம். ஆகவே சோடியத்தை 2.5-ஆல் பெருக்கினால் உப்பு. 1000-ஆல் வகுத்தால் கிராம். அதை 6-ஆல் வகுத்தால் டீஸ்பூன், ஏனென்றால் தூள் உப்பு ஒரு டீஸ்பூன் சுமார் 6 கிராம், சர்க்கரையைவிடக் கனம். ஐரோப்பாவில் விற்கும் பாக்கெட் யாராவது கொண்டுவந்து கொடுத்திருந்தால் அதில் நேராக 'சால்ட்' என்றே கிராமில் இருக்கும். அதைத் திரும்ப 2.5-ஆல் பெருக்கிவிடாதீர்கள்.

பிஸ்கட்டில் 100 கிராமுக்குச் சோடியம் 400 மில்லிகிராம், 48 கிராமில் 192. மிக்சரில் 800, 50 கிராமில் 400. கூட்டினால் 592 மில்லிகிராம். அதை 2.5-ஆல் பெருக்கினால் 1480, அதாவது ஏறக்குறைய ஒன்றரை கிராம் உப்பு. டீஸ்பூனில் கால்.

கால் ஸ்பூன்தானே என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. உப்பை ஸ்பூனோடு ஒப்பிட்டால் இப்படித்தான் ஏமாறுவோம், நாள் வரம்போடு ஒப்பிட வேண்டும். உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்வது நாளுக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பு, அதாவது 2000 மில்லிகிராம் சோடியம். அது ஒரு முழு டீஸ்பூன்கூட இல்லை. அப்பாவின் நொறுக்குத்தீனி மட்டும் அதில் 30 சதவீதத்தை எடுத்துக்கொண்டது. சாம்பார், ரசம், பொரியல், ஊறுகாய், அப்பளம் எல்லாம் மீதியில் அடங்க வேண்டும். அதே நிறுவனம் சர்க்கரைக்குச் சொல்வது 2000 கலோரி சாப்பிடுபவருக்கு 50 கிராமுக்குள், முடிந்தால் 25 கிராமுக்குள், அதாவது ஆறு டீஸ்பூன். அம்மாவின் மருத்துவர் இதைவிடக் குறைவாகச் சொல்லியிருந்தால் அதோடுதான் ஒப்பிட வேண்டும்.

இன்னொன்று, பிஸ்கட்டில் வரும் சோடியம் முழுக்க உப்பிலிருந்து வருவதில்லை. சமையல் சோடாவிலும் சோடியம் உண்டு. அதனால்தான் நாக்கில் கரிக்காத இனிப்பு பிஸ்கட்டிலும் 400 இருக்கிறது. நாம் கண்டுபிடிப்பது 'உப்பாக இருந்தால் இவ்வளவு' என்ற எண்.

போட்டோவில் நடக்கும் வில்லங்கத்தையும் சொல்லிவிடுகிறேன். பளபள பாக்கெட்டில் ஃபிளாஷ் அடித்தால் நடுவில் வெள்ளைத் திட்டு விழும். தையல் மடிப்பில் அட்டவணையின் ஒரு ஓரம் மறையும். இதெல்லாம் கண்ணுக்குத் தெரியும், மறுபடி எடுத்துவிடலாம். தெரியாமல் காலை வாருவது தசமப்புள்ளி. மிக்சர் பாக்கெட் போட்டோவில் ஆடட் சுகர்ஸ் எனக்கு '20' என்று தெரிந்தது. உண்மையில் 2.0. சுருக்கத்தில் புள்ளி மறைந்துவிட்டது.

அதைக் காட்டிக்கொடுத்தது ஆர்டிஏ பத்திதான். அதில் சர்க்கரைக்கு 50 கிராம், சோடியத்துக்கு 2000 மில்லிகிராம் என்ற அடிப்படையில் ஒரு சர்விங்குக்கான சதவீதம் போட்டிருப்பார்கள். ஆகவே ஒரு சர்விங்கில் இருக்கும் சர்க்கரை கிராமை 2-ஆல் பெருக்கினால் அந்தச் சதவீதம் வர வேண்டும், சோடியம் மில்லிகிராமை 20-ஆல் வகுத்தாலும் அப்படியே. மிக்சரின் சர்விங் 30 கிராம். 100 கிராமில் 20 கிராம் சர்க்கரை என்றால் சர்விங்கில் 6 கிராம், 12 சதவீதம் என்று இருக்க வேண்டும். பாக்கெட்டில் இருந்ததோ 1. அப்போதுதான் 2.0 என்று புரிந்தது. போனில் எழுத்தைப் பிரித்தெடுத்து ஒட்டுகிறவர்கள் கூடுதலாகப் பார்க்க வேண்டும், பத்திகளே இடம் மாறி விழும். ஆடட் சுகர்ஸ் டோட்டல் சுகர்ஸைவிட அதிகமாக இருந்தாலோ, சர்க்கரை கார்போஹைட்ரேட்டைத் தாண்டினாலோ, படித்ததில் தப்பு.

சர்க்கரை நோய் இருப்பதால் இதையும் சேர்த்துப் பாருங்கள்: இந்த ஸ்பூன் கணக்கில் மைதா வராது. அப்பாவின் பிஸ்கட்டில் கார்போஹைட்ரேட் 100 கிராமுக்கு 77 கிராம், எட்டு பிஸ்கட்டில் 37 கிராம் போல. அதில் சர்க்கரை பத்தரை கிராம், மீதியில் பெரும்பகுதி மாவுச்சத்து. அதுவும் குளுக்கோஸாகத்தான் போய் நிற்கும். 'நோ ஆடட் சுகர்' என்று எழுதிய பிஸ்கட்டை வாங்கினால் ஸ்பூன் பூஜ்யம் ஆகும், குளுக்கோமீட்டர் அப்படிச் சொல்லாது. மால்டோடெக்ஸ்ட்ரின் என்ற மாவுச்சத்துப் பொடி போட்டிருந்தாலும் இதே கதை, அது சர்க்கரை வரியில் ஏறாது.

அப்பா இப்போது பிஸ்கட்டை நாலாகக் குறைத்துவிட்டார், மிக்சரைக் கையால் அள்ளாமல் ஒரு சின்னக் கிண்ணத்தில் எடுத்துக்கொள்கிறார். போன வாரம் அவரே ஊறுகாய் பாட்டிலை எடுத்துவந்து "இதுக்கும் போட்டுப் பாரு" என்றார். 100 கிராமுக்குச் சோடியம் 5000 மில்லிகிராம் என்று இருந்தது. அவர் தயிர்சாதத்துக்கு வைத்துக்கொள்வது சுமார் 15 கிராம், அதாவது 750 மில்லிகிராம். பழைய எட்டு பிஸ்கட்டும் இரண்டு கை மிக்சரும் சேர்ந்ததைவிட அதிகம். பாட்டிலை மூடி, அவர் கைக்கு எட்டாத மேல்தட்டில் அவரே வைத்தார். இரண்டாம் நாள் ஸ்டூல் இடம் மாறியிருந்தது.