விலகும் பங்காளிக்கு இயந்திரத்தின் பெறுமதி என்ன?

கேள்வி: கொட்டாஞ்சேனையில் நானும் என் மச்சானும் சேர்ந்து அச்சகம் நடத்தினோம், ஆளுக்குப் பாதி. 2022 ஏப்ரல் 1இல் 40 இலட்சத்துக்கு ஓர் அச்சு இயந்திரம் வாங்கி அன்றே ஓட்டத் தொடங்கினோம். 2025 மார்ச் 31இல் நான் விலகிவிட்டேன். விலகுபவருக்கு ஏட்டுப் பெறுமதியில் பங்கு கொடுக்க வேண்டும் என்று ஒப்பந்தத்தில் இருக்கிறது. வருடாந்தக் கணக்கில் இயந்திரம் 18 இலட்சத்துக்கு மேல். மச்சானோ, "இது சீக்கிரம் தேயும் சாமான், 40 வீதப்படிதான் போட வேண்டும்" என்று ஒரு தாள் அனுப்பியிருக்கிறார். அதில் 8 இலட்சத்துச் சொச்சம்தான். எது சரி?

பதில்: இரண்டு முறையும் ஏற்றுக்கொள்ளப்பட்டவைதான். எது நல்ல முறை என்று வாதாடிக்கொண்டிருந்தால் மச்சானுக்குத்தான் வசதி. இத்தனை நாளும் எந்த முறையில் கணக்கு எழுதினீர்கள் என்பதைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

உங்கள் கணக்கில் இருப்பது நேர்கோட்டு முறை. ஐந்து வருட ஆயுள், முடிவில் எச்சப் பெறுமதி 4 இலட்சம் என்று வைத்தால் உங்கள் தொகை சரியாக வருகிறது. மச்சானுடையது குறைந்து செல்லும் மீதி முறை.

```
நேர்கோடு: (கிரயம் - எச்சப் பெறுமதி) / ஆயுள்
          (4,000,000 - 400,000) / 5 = 720,000
குறைந்து செல்லும் மீதி:
          வருடத் தொடக்க ஏட்டுப் பெறுமதி x 40%
```

| வருடம் | நேர்கோட்டுத் தேய்வு | வருட இறுதிப் பெறுமதி | 40% தேய்வு | வருட இறுதிப் பெறுமதி |
|---|---|---|---|---|
| 1 | 720,000 | 3,280,000 | 1,600,000 | 2,400,000 |
| 2 | 720,000 | 2,560,000 | 960,000 | 1,440,000 |
| 3 | 720,000 | 1,840,000 | 576,000 | 864,000 |
| 4 | 720,000 | 1,120,000 | 345,600 | 518,400 |
| 5 | 720,000 | 400,000 | 118,400 | 400,000 |

ஐந்தாம் வருடத்தைப் பாருங்கள். 518,400இல் 40 வீதம் 207,360. அதை அப்படியே கழித்தால் 311,040 ஆகி, எச்சப் பெறுமதிக்குக் கீழே போய்விடும். ஆகவே 400,000இல் நிறுத்த வேண்டும். மச்சான் தாளின் கடைசி வரி 311,040 என்று இருந்தால், எச்சப் பெறுமதியைப் பார்க்காமல் வீதத்தை மட்டும் பெருக்கிக்கொண்டு போயிருக்கிறார் என்று அர்த்தம். எக்செலில் நீங்களே சரிபார்க்கலாம்:

```
=SLN(4000000,400000,5)
=DDB(4000000,400000,5,5)
```

மூன்றாம் வருட முடிவில் வித்தியாசம் 976,000. உங்கள் பாதிக்கு 488,000. சண்டை இந்தத் தொகைக்குத்தான்.

இனிச் சட்டம். ஒப்பந்தம் சொல்லும் ஏட்டுப் பெறுமதி, நீங்கள் இருவரும் ஒப்பமிட்ட ஏட்டில் உள்ள பெறுமதி. விலகிய பிறகு ஒருவர் தனியாகத் தட்டிய தாள் அந்த ஏடு ஆகாது. முறையை மாற்றவே கூடாதா என்றால், மாற்றலாம். இயந்திரத்தின் பயன் கிடைக்கும் விதம் மாறியிருந்தால் இலங்கைக் கணக்கீட்டு நியமம் 16 முறையை மாற்றச் சொல்கிறது. ஆனால் அது மதிப்பீட்டு மாற்றம், ஆகவே இனி வரும் வருடங்களுக்கு மட்டுமே செல்லும். முடிந்துபோன மூன்று வருடத்தைத் திருத்தி எழுத அது இடம் தராது.

இன்னொன்று. 40 வீதம் தொடக்கத்திலிருந்தே சரி என்றால், முதல் வருட இலாபம் 880,000 குறைந்திருக்க வேண்டும். அந்தக் கூடுதல் இலாபத்தில் மச்சானும் பாதி எடுத்தாரே! வரியும் அந்தக் கணக்கை வைத்துத்தானே காட்டினீர்கள்? இலாபம் பிரிக்கும்போது ஒரு முறை, உங்களுக்குக் கொடுக்கும்போது வேறொரு முறை என்பது நீதிமன்றத்தில் எடுபடுவது கஷ்டம். அவர் வரிக் கணக்கில் உள்ள மூலதனக் கழிவைக் காட்டினால் குழம்ப வேண்டாம். அது உள்நாட்டு இறைவரிச் சட்டப்படியான தனிக் கணக்கு, ஏட்டுப் பெறுமதி அல்ல.

உங்களுக்கும் ஒரு கசப்பு உண்டு. சந்தையில் இயந்திரம் 25 இலட்சத்துக்குப் போனாலும் அதைக் கேட்க முடியாது. ஏட்டுப் பெறுமதி என்று ஒத்துக்கொண்டது உங்களையும் கட்டும்.

முதலில் மூன்று வருடத்தின் ஒப்பமிட்ட கணக்குகளையும் நிலையான சொத்துப் பதிவேட்டையும் பிரதி எடுங்கள். நம் நாட்டில் பங்குடைமைக்கு ஆங்கிலச் சட்டமே பொருந்துகிறது. 1890ஆம் ஆண்டுப் பங்குடைமைச் சட்டத்தின் 24ஆம் பிரிவு, ஏடுகளைப் பார்க்கவும் பிரதி எடுக்கவும் பங்காளிக்கு உரிமை தருகிறது. நீங்கள் இருந்த காலத்து ஏடுகள்தானே, அந்தப் பிரிவைக் குறிப்பிட்டே எழுத்தில் கேளுங்கள். பதிவேட்டில் "நேர்கோட்டு முறை, 5 வருடம்" என்ற வரி இருந்தால் பாதி வேலை முடிந்தது. அப்புறம் 920,000 ரூபாவைக் கேட்டுச் சட்டத்தரணி மூலம் கோரிக்கைக் கடிதம் அனுப்புங்கள். பங்குடைமை உறுதி மீதான வழக்குக்குக் காலவரையறைச் சட்டம் தருவது, மீறிய நாளிலிருந்து ஆறு வருடம்.