எடிட்டரிடம் போன வீடியோ வி8 வரை ஏன் இழுக்கிறது? கேள்வி பதில்

சமையல் சேனல் வைத்திருக்கிறேன், வாரம் ஒரு வீடியோ. "நல்லா ஃபாஸ்ட்டா கட் பண்ணிடுங்க" என்று சொல்லித்தான் அனுப்புகிறேன். திருத்தித் திருத்தி வி7, வி8 என்று எட்டாவது வெர்ஷன் வரை போய்விடுகிறது. இரண்டே ரவுண்டில் முடியாதா?

முடியும். இழுப்பதற்குக் காரணம், ஒவ்வொரு ரவுண்டிலும் எல்லாவற்றையும் ஒன்றாகப் பார்ப்பதுதான். முதல் ரவுண்டில் மியூசிக், கலர், எழுத்து எதுவுமே இருக்கக்கூடாது. ஷாட்டுகளின் வரிசையும் நீளமும் மட்டும் பாருங்கள். "இந்த வரிசை முடிந்தது, இனி மாறாது" என்று எழுத்தில் சொன்ன பிறகுதான் எடிட்டர் சப்டைட்டிலையும் மியூசிக்கையும் தொட வேண்டும். இரண்டாவது ரவுண்டு அவற்றுக்கு மட்டும்.

வரிசையை முடித்த பிறகு மூன்றாவது நிமிடத்தில் வெங்காயம் வதக்குவதில் 12 விநாடியை வெட்டச் சொல்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். உங்களுக்கு அது ஒரு வரி. எடிட்டரிடம் அதற்குப் பின்னால் வரும் சப்டைட்டில் எல்லாம் 12 விநாடி முன்னால் நகர வேண்டும், மியூசிக் வெட்டு விழும் இடம் தவறும், கடைசியில் வரும் அட்டையும் இடம் மாறும். அதைச் சரி செய்யும்போது இன்னொன்று கெடும். வி5 அங்கேதான் பிறக்கிறது.

எடிட்டருக்கு எழுதி அனுப்பும் பிரீஃபில் "ஃபாஸ்ட்" என்ற சொல்லை எடுத்துவிடுங்கள். உங்கள் ஃபாஸ்ட் வேறு, அவர் ஃபாஸ்ட் வேறு. மட்டன் குழம்பு வீடியோவுக்கு இப்படி எழுதலாம்: மொத்தம் 8 முதல் 9 நிமிடம். முதல் 15 விநாடிக்குள் முடிந்த குழம்பைக் காட்டிவிட வேண்டும். மசாலா அரைப்பது முழுதாக வேண்டும், கறி கழுவுவது வேண்டாம். வேகம் நம் மீன் வறுவல் வீடியோவின் 2:10 முதல் 3:00 வரை உள்ளதுபோல. கடைசி 20 விநாடி எண்ட் ஸ்கிரீனுக்குக் காலியாக இருக்கட்டும். ஒரு பக்கத்தைத் தாண்டினால் யாரும் படிப்பதில்லை.

நான் எடிட்டர். திருத்தம் ஏழு வாய்ஸ் நோட்டாக வருகிறது. ஓனர் ஒன்று சொல்கிறார், அவர் தம்பி வேறொன்று சொல்கிறார். போதாததற்கு "படம் மங்கலா இருக்கு" என்கிறார்கள், என் பக்கம் தெளிவாகத்தான் இருக்கிறது.

மங்கல் பெரும்பாலும் வாட்ஸ்அப் செய்கிற வேலை. வீடியோவாக அனுப்பினால் அது சுருக்கிவிடும். டாக்குமென்ட்டாக அனுப்புங்கள், இல்லையென்றால் யூடியூபில் அன்லிஸ்டட் லிங்க் கொடுங்கள். ஏற்றிய உடனே பார்த்தால் அதுவும் மங்கலாகத்தான் தெரியும், எச்டி தயாராகக் கொஞ்ச நேரம் ஆகும். இதைத் தெரியாமல் ஒரு ரவுண்டையே வீணாக்குகிறவர்கள் உண்டு.

பார்வைக்கு அனுப்பும் பிரதியில் நேரமும் வெர்ஷன் பெயரும் படத்தின் மேலேயே ஓடட்டும். பிரீமியர் எடிட்டிங் மென்பொருளில் எக்ஸ்போர்ட் செய்யும்போது Effects பகுதியில் Timecode Overlay, Name Overlay இரண்டும் இருக்கின்றன. அப்போதுதான் ஓனர் பழைய வி2-வைப் பார்த்துக்கொண்டு வி3-க்குத் திருத்தம் சொன்னால் உங்களுக்கே தெரியும்.

தம்பி விவகாரத்துக்கு மென்பொருளில் வழி இல்லை. திருத்தம் ஒருவர் கையிலிருந்து, ஒரே ஷீட்டில், ஒரே தடவை வர வேண்டும். "3:42, எண்ணெய் ஊற்றும் ஷாட் இரண்டு முறை வருகிறது, இரண்டாவது வேண்டாம்" என்பது திருத்தம். "நடுவில் கொஞ்சம் இழுக்குது" என்பது புலம்பல். எங்கே என்று திருப்பிக் கேட்டுவிட்டு, பதில் வரும்வரை அந்த இடத்தைத் தொடாதீர்கள்.

ஃபோனில்தான் எடுக்கிறேன். ஒரிஜினல் ரொம்பப் பெரியது. அதன் சின்ன நகலாகப் புராக்ஸி செய்து எடிட்டருக்கு அனுப்பிவிட்டு, கடைசியில் நானே ஒரிஜினலை மாட்டிக்கொள்கிறேன். அது போதும்தானே?

பாதி சரி. புராக்ஸியில் வேலை செய்யலாம். ஆனால் கோப்புப் பெயர், விநாடிக்கு எத்தனை படம் என்கிற ஃபிரேம் ரேட், ஆடியோ சேனல் எண்ணிக்கை மூன்றும் ஒரிஜினலோடு ஒத்துப்போக வேண்டும். ஃபோனில் இடிப்பது இரண்டாவது. 30 என்று போட்டிருந்தாலும் ஃபோன் 28, 31 என்று ஏற்றி இறக்கித்தான் பதிவு செய்யும். புராக்ஸி செய்யும்போது அது சமமாகிவிடுவதால் ஒரிஜினலை மாட்டியதும் வெட்டுகள் சில ஃபிரேம் தள்ளி விழும். முதல் நிமிடத்தில் உதடும் குரலும் சேர்ந்திருக்கும், பத்தாவது நிமிடத்தில் பிரிந்திருக்கும். அப்படி வளர்ந்துகொண்டே போகும் பிசகு என்றால் பெரும்பாலும் காரணம் இதுதான். பிரீமியர் ஓரளவு சமாளிக்கும், நம்பி உட்கார வேண்டாம்.

முதலிலேயே சமமாக்கி, அந்தக் கோப்பையே ஒரிஜினலாக வைத்துக்கொள்ளுங்கள். புராக்ஸியை அதிலிருந்து எடுங்கள். சமமாக்க ffmpeg என்ற மென்பொருளில் இந்தக் கட்டளை போதும்:

```
ffmpeg -i IMG_0412.MOV -vf fps=30 -c:v libx264 -crf 16 -c:a pcm_s16le 0412_cfr.mov
```

ஐபோன் என்றால் எடுக்கும் முன்பே எச்டிஆரை அணைத்துவிடுங்கள். இல்லையென்றால் கலர் வெளுத்துப்போன வேறொரு பிரச்சினை வரும்.

என் எடிட்டர் வட இந்தியர். டைட்டிலில் "கொத்தமல்லி" என்றால் கொம்பு ஒரு பக்கம், க ஒரு பக்கம் நிற்கிறது. பாமினி ஃபான்ட் அனுப்பினேன், சரியாகிவிட்டது. அப்படியே விட்டுவிடலாமா?

விட வேண்டாம். பாமினியில் இருப்பது தமிழ் எழுத்து இல்லை, தமிழ் வேடம் போட்ட ஆங்கில எழுத்து. ஃபான்ட் இல்லாத கணினியில் திறந்தால் டைட்டில் முழுவதும் ஆங்கிலக் கிறுக்கலாக நிற்கும். அதை எடுத்து சப்டைட்டிலுக்கான எஸ்ஆர்டி கோப்பிலும் போட முடியாது.

பிழை ஃபான்ட்டில் இல்லை. பிரீமியரில் Preferences, Graphics போய், Text Engine-ஐ South Asian and Middle Eastern என்று மாற்றச் சொல்லுங்கள். பிறகு யூனிகோடு ஃபான்ட் ஒன்றை வைத்து எழுத்தை மறுபடி ஒட்டினால் கொம்பு இடத்துக்கு வந்துவிடும்.

அவருக்குத் தமிழ் படிக்கத் தெரியாது என்பதால் எதையும் தட்டச்சு செய்ய விடாதீர்கள். எல்லா டைட்டிலையும் ஒரே டெக்ஸ்ட் கோப்பில் கொடுங்கள், கூடவே அது எப்படித் தெரிய வேண்டும் என்று ஒரு ஸ்கிரீன்ஷாட். "கொ" உடைந்திருப்பது அவர் கண்ணுக்கு உடைசலாகவே தெரியாது.

எடிட்டர் திடீரென்று நின்றுவிட்டார். கையில் எம்பி4 மட்டும்தான் இருக்கிறது. புது ஆள் "இதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது" என்கிறார். என்னென்ன வாங்கியிருக்க வேண்டும்?

பிராஜெக்ட் கோப்பு மட்டும் வாங்கினாலும் இதே கதைதான், அதில் வீடியோவே இருக்காது. பிரீமியர் என்றால் Project Manager-இல் Collect Files and Copy to New Location கொடுத்து வரும் ஃபோல்டர் வேண்டும். டாவின்சி என்றால் Export Project Archive. ஆஃப்டர் எஃபெக்ட்ஸில் செய்தது ஏதாவது இருந்தால் அதைத் தனியாக Collect Files செய்து வாங்குங்கள், இது பலரும் தவறவிடுவது. எந்த வெர்ஷன், எந்த பிளகின், எந்த ஃபான்ட் என்று ஒரு குறிப்பும் வேண்டும். புது வெர்ஷனில் சேமித்ததைப் பழைய வெர்ஷன் திறக்காது. மியூசிக் யார் கணக்கில் லைசென்ஸ் ஆனது என்பதையும் எழுதி வாங்குங்கள். அவர் கணக்கு என்றால் நாளை பதிப்புரிமை க்ளைம் வரும்போது உங்களிடம் காட்ட ஒன்றும் இருக்காது.

வந்ததை வேறொரு கணினியில் திறந்து பாருங்கள். அவர் கணினியில் எல்லாம் சரியாகத்தான் தெரியும். சிவப்பில் Media Offline என்று ஒன்று வந்தாலும் ஒப்படைப்பு முடியவில்லை. கடைசி பாக்கித் தொகையை இதற்குப் பிறகு கொடுங்கள்.

மேலே கேட்ட எடிட்டர் மீண்டும்: பிராஜெக்ட் கோப்பைச் சும்மா கொடுக்கச் சொல்கிறீர்களா? அதில் என் ப்ரீசெட், டெம்ப்ளேட் எல்லாம் இருக்கிறது. என்னைவிடக் குறைந்த ரேட்டுக்கு இன்னொருவரிடம் கொடுக்கத்தான் கேட்கிறார்கள்.

சும்மா என்று சொல்லவில்லை, ஆனால் உங்கள் பயத்தில் நியாயம் இருக்கிறது. பிராஜெக்ட் கோப்புக்குத் தனிக் கட்டணம் வாங்குகிறவர்களும் உண்டு, ரேட்டிலேயே சேர்த்துவிடுகிறவர்களும் உண்டு. எது முறை என்பதில் தொழிலில் ஒருமித்த கருத்து இல்லை. வேலை தொடங்கும் முன் பேசிவிட வேண்டும், அவ்வளவுதான்.

கொடுக்க மனமில்லையென்றால் இரண்டு பொருள் கொடுங்கள்: எழுத்து எதுவும் இல்லாத முழு வீடியோ ஒன்று, குரலும் மியூசிக்கும் தனித்தனிக் கோப்பாக. டைட்டில் பிழையையும் மியூசிக் க்ளைமையும் அதை வைத்தே சரி செய்துகொள்ளலாம். வரிசையை மாற்ற வேண்டுமென்றால் மட்டும் அவர் உங்களிடம் வந்தாக வேண்டும்.