94.5 சதவீத அக்யூரசி போதுமா? முதல் மாடலின் கன்ஃபியூஷன் மேட்ரிக்ஸைப் படிக்கும் முறை

கேள்வி: டேட்டா இன்டர்னாக இருக்கிறேன். அடுத்த மாதம் சந்தாவை ரத்து செய்யப்போகும் வாடிக்கையாளர்களைக் கணிக்க முதல்முறையாக ஒரு மாடல் செய்திருக்கிறேன். சோதனைத் தரவில் 2000 பேர். அவர்களில் 100 பேர் உண்மையில் ரத்து செய்தவர்கள். அக்யூரசி 94.5 சதவீதம் வருகிறது. ஆனால் என் மேலாளர் பிரிசிஷன், ரீகால் என்ன என்று கேட்கிறார். மேட்ரிக்ஸில் 1850, 50, 60, 40 என்று இருக்கிறது. இதை எப்படிப் படிப்பது? மாடல் நன்றாக இருக்கிறதா?

பதில்: முதலில் அந்த நான்கு எண்களில் எது எதைக் குறிக்கிறது என்பதை உறுதி செய்துகொள்ளுங்கள். இங்கே இடம் மாறினால் பின்னால் வரும் கணக்குகள் எல்லாம் தவறிவிடும்.

```python
confusion_matrix(y_test, y_pred)
# [[1850   50]
#  [  60   40]]
```

scikit-learn தரும் மேட்ரிக்ஸில் கிடைவரிசைகள் உண்மையில் நடந்ததையும், நெடுவரிசைகள் மாடல் சொன்னதையும் காட்டுகின்றன. ரத்து செய்தவர்களை 1 என்று குறித்திருந்தால், மேல் வரிசையில் இருப்பவர்கள் ரத்து செய்யாத 1900 பேர். அவர்களில் 1850 பேரை மாடல் சரியாக விட்டுவிட்டது. 50 பேரைப் பற்றி வீணாக எச்சரித்தது. கீழ்வரிசையில் இருக்கும் 100 பேரும் உண்மையில் ரத்து செய்தவர்கள். 60 பேரை மாடல் தவறவிட்டது, 40 பேரைப் பிடித்தது. சில பாடநூல்கள் இந்த வரிசைகளை மாற்றி வரைகின்றன என்பதால் படத்தை நினைவில் வைத்து எண்களைப் படிக்க வேண்டாம். `y_test`, `y_pred` இரண்டையும் இடம் மாற்றிக் கொடுத்தாலும் நிரல் எந்தப் பிழையும் காட்டாது. பிரிசிஷனும் ரீகாலும் மட்டும் ஒன்றின் இடத்தில் மற்றொன்று வந்து நிற்கும். இதைக் கண்டுபிடிக்க எளிய வழி, கிடைவரிசைகளின் கூட்டுத்தொகையை `y_test.value_counts()` தரும் எண்ணிக்கையோடு ஒப்பிடுவதுதான். உங்களுக்கு 1900, 100 என்று வருவதால் வரிசை சரி. மாறியிருந்தால் 1910, 90 என்று வந்திருக்கும்.

அக்யூரசியைப் பொறுத்தவரை, எதையுமே கற்காமல் எல்லோருக்கும் ‘ரத்து செய்யமாட்டார்’ என்று சொல்லும் ஒரு நிரல் இதே தரவில் 95 சதவீதம் பெறும். உங்கள் மாடல் அதைவிட அரை சதவீதம் குறைவாக எடுத்திருக்கிறது. அதனால் மாடல் பயனற்றது என்று முடிவுகட்டிவிடாதீர்கள். நூற்றுக்கு ஐந்து பேர் மட்டுமே ரத்து செய்யும் இடத்தில் அக்யூரசி பெரும்பாலும் ரத்து செய்யாதவர்களைப் பற்றியே பேசுகிறது என்பதுதான் இதன் பொருள். நீங்கள் தேடுவதோ மற்றவர்களை.

அவர்களைப் பற்றிய இரண்டு தனித்தனிக் கேள்விகளுக்குத்தான் பிரிசிஷனும் ரீகாலும் பதில் சொல்கின்றன. மாடல் எச்சரித்தவர்களில் எத்தனை பேர் உண்மையில் ரத்து செய்தார்கள் என்பது பிரிசிஷன்: வலது நெடுவரிசையில் உள்ள 90 பேரில் 40 பேர், அதாவது 0.44. உண்மையில் ரத்து செய்தவர்களில் எத்தனை பேரை மாடல் பிடித்தது என்பது ரீகால்: கீழ்வரிசையில் உள்ள 100 பேரில் 40 பேர், அதாவது 0.40. மேலே இருக்கும் எண் இரண்டிலும் அதே 40தான். எதனால் வகுக்கிறோம் என்பதுதான் வேறுபடுகிறது.

0.44 என்பது பார்க்கக் குறைவாகத் தோன்றலாம். ஆனால் யாரையும் பார்க்காமல் குருட்டாம்போக்கில் 90 பேரைத் தேர்ந்தெடுத்தால் அவர்களில் நான்கைந்து பேர்தான் ரத்து செய்பவர்களாக இருப்பார்கள். மாடல் தேர்ந்தெடுத்த 90 பேரில் 40 பேர் இருக்கிறார்கள். ஏறத்தாழ ஒன்பது மடங்கு மேலான இந்தத் தேர்வு, அக்யூரசியில் சிறிதும் தெரியவில்லை. உங்கள் மாடல் எதையோ கற்றிருக்கிறது என்பதற்கு நான் ஏற்கும் சான்று இதுதான். `classification_report` அச்சிடும் அட்டவணையிலும் 1 என்ற வரியை மட்டும் பாருங்கள். அடியில் உள்ள `weighted avg` வரியின் ரீகால் எப்போதும் அக்யூரசிக்குச் சமமாகவே இருக்கும். உங்களுக்கும் அங்கே 0.94 அல்லது 0.95 என்றுதான் தெரியும். அதை மேலாளரிடம் ரீகால் என்று சொல்லிவிடக் கூடாது.

ரீகால் 0.40 என்பது மாடலின் மாறாத இயல்பு அன்று. `predict` சாதாரணமாக 0.5 என்ற எல்லையில் ஆம், இல்லை என்று பிரிக்கிறது. அந்த எல்லையை நீங்களே நகர்த்தலாம்.

```python
p = model.predict_proba(X_val)[:, 1]
y_pred_val = (p >= 0.3).astype(int)
```

இப்படிக் குறைத்தபோது, இதே அளவும் இதே விகிதமும் உள்ள சரிபார்ப்புத் தரவில் மாடல் 260 பேரை எச்சரித்து, அவர்களில் 65 பேர் உண்மையில் ரத்து செய்தவர்கள் என்று வைத்துக்கொள்வோம். ரீகால் 0.65 ஆக உயர்கிறது, பிரிசிஷன் 0.25 ஆக இறங்குகிறது. இவற்றில் எது மேல் என்பதை எண்களைக் கொண்டு மட்டும் முடிவு செய்ய முடியாது. எச்சரிக்கப்பட்ட ஒவ்வொருவரையும் ஓர் ஊழியர் தொலைபேசியில் அழைக்க வேண்டும் என்றால், கூடுதலாக 25 பேரைப் பிடிக்க 170 அழைப்புகள் கூடுகின்றன. ஒரு மின்னஞ்சல் மட்டுமே போகிறது என்றால் அந்தக் கூடுதல் ஒரு சுமையே இல்லை. ஆகவே பட்டியலை யார், எதற்குப் பயன்படுத்தப்போகிறார், மாதம் எத்தனை பேரைக் கவனிக்க முடியும் என்று மேலாளரிடம் கேட்டுவிட்டு எல்லையைத் தேர்ந்தெடுங்கள். எல்லையைத் தேர்வதைச் சரிபார்ப்புத் தரவில் மட்டுமே செய்யுங்கள். சோதனைத் தரவிலேயே பல எல்லைகளை முயன்று நல்லதை எடுத்தால், அங்கே வரும் எண் உண்மையைவிட அழகாக இருக்கும். பிரிசிஷனையும் ரீகாலையும் ஒரே எண்ணாகச் சேர்க்கும் எஃப்1 மதிப்பெண், வீண் எச்சரிக்கை, தவறவிடுதல் ஆகிய இரண்டு தவறுகளையும் ஒரே எடையில் வைப்பதால், இந்த முடிவில் அது அதிகம் உதவாது.

இன்னொன்றையும் வலியுறுத்திச் சொல்ல வேண்டும். ரத்து செய்தவர்கள் குறைவு என்பதால் இரு வகையினரையும் சம அளவாக்கும் வழக்கம் உண்டு. பயிற்சித் தரவில் அதைச் செய்யலாம். சோதனைத் தரவைத் தொடக் கூடாது. உங்கள் மாடல் ரத்து செய்யாதவர்களில் 2.6 சதவீதத்தினரைத் தவறாக எச்சரிக்கிறது. சோதனையில் நூறுக்கு நூறு என்று வைத்திருந்தால் அந்தத் தவறு ஏறத்தாழ 3 பேராகச் சுருங்கி, பிரிசிஷன் 43இல் 40, அதாவது 0.93 என்று வந்திருக்கும். ரீகால் மாறாது, மாடலும் அதேதான். ஆனால் உண்மையான வாடிக்கையாளர்களிடம் போனதும் பிரிசிஷன் மீண்டும் 0.44க்கு வந்துவிடும். தரவைப் பிரிப்பதற்கு முன்பே சிறுபான்மை வரிகளை நகலெடுத்துப் பெருக்குவது இதைவிட மோசம். ஒரே வாடிக்கையாளரின் நகல்கள் பயிற்சியிலும் சோதனையிலும் சேர்ந்து விழ, ரீகாலும் பொய்யாக உயரும்.

கடைசியாக, 0.40 என்ற ரீகால் 100 பேரை மட்டுமே வைத்துக் கணக்கிடப்பட்டது. அத்தனை சிறிய எண்ணிக்கையில், உண்மை மதிப்பு தோராயமாக 0.31 முதல் 0.50 வரை எங்கு வேண்டுமானாலும் இருக்கலாம். நாளை ஏதோ ஒன்றை மாற்றி ரீகால் 0.43 ஆனால், மாடல் மேம்பட்டது என்று உடனே எழுதிவிட வேண்டாம். மூன்று பேர் கூடுதலாகப் பிடிபட்டதுதான் அங்கே நடந்தது. மேலாளருக்கு அனுப்பும் குறிப்பில் ‘எச்சரித்த 90 பேரில் 40 பேர் சரி, ரத்து செய்த 100 பேரில் 60 பேர் தவறினர், எல்லை 0.5’ என்று எண்ணிக்கைகளையே எழுதி, மேட்ரிக்ஸையும் கீழே இணைத்துவிடுங்கள்.