விரிவுரையில் இருந்த 14 வீதம் எந்தக் கலத்தில் இருக்கவேண்டும்?

கேள்வி: வணக்கம் ஐயா. வெள்ளவத்தையில் இருந்து எழுதுகிறேன். மாலை வகுப்பில் கம்பனி நிதி படிக்கிறேன். அப்பாவுக்குப் புறக்கோட்டையில் மசாலாத்தூள் வியாபாரம். 60 இலட்சத்துக்குப் பொதியிடும் இயந்திரம் ஒன்று வாங்க யோசிக்கிறார். விரிவுரையில் தந்த தேறிய இன்றைய பெறுமதிக் கணக்கை எக்செல்லில் போட்டேன், விடை வந்தது. ஆனால் எண்ணை மாற்றினால் எங்கேயோ குழம்புகிறது. எவரும் எண்ணைப் போட்டுப் பார்க்கக்கூடிய மாதிரி அதை எப்படி அமைப்பது?

பதில்: விரிவுரையாளர் பலகையில் எழுதும்போது கழிவு வீதமான 14 வீதமும் 30 வீத வரியும் கணக்கின் வரிகளுக்குள்ளேயே கலந்திருக்கும். பலகைக்கு அது போதும். அதை அப்படியே எக்செல்லுக்குக் கொண்டு போனால் ஒரே எண் பத்துச் சூத்திரங்களுக்குள் ஒளிந்துகொள்ளும். 2022இல் இதனால் நானே அடிபட்டேன். அந்த ஆண்டின் தொடக்கத்தில் வங்கிகளின் முதன்மைக் கடன் வீதம் 10க்கும் கீழே இருந்தது, ஆண்டு முடிவதற்குள் 25ஐத் தாண்டிவிட்டது. நான் வேலை செய்த நிறுவனத்தில் ஐந்து ஆண்டுகளுக்கான சூத்திரங்களில் நான்கில் புதிய வீதத்தை மாற்றினேன், ஐந்தாவதில் பழையதே கிடந்தது. விடை பார்க்க ஒழுங்காகத்தான் இருந்தது. அதனால் இரண்டு வாரம் எவருக்கும் தெரியவில்லை.

ஆகவே முதலில் தனியாக ஒரு உள்ளீட்டுத் தாள் வையுங்கள். உங்கள் கணக்குக்கு ஏழு கலங்கள் போதும்: இயந்திர விலை 60 இலட்சம், பாவனைக் காலம் 5 ஆண்டு, இயந்திரத்தால் ஆண்டுக்குக் கிடைக்கும் கூடுதல் காசு 22 இலட்சம், அதன் ஆண்டு வளர்ச்சி, கூடுதல் சரக்குக்கும் வாடிக்கையாளருக்குக் கொடுக்கும் கடனுக்கும் முடங்கும் தொழிற்படு மூலதனம் 5 இலட்சம், வரி வீதம், கழிவு வீதம். கையால் அடிக்கும் எண் இந்தக் கலங்களில் மட்டுமே இருக்கலாம். இவற்றுக்கு மஞ்சள் நிறம் கொடுங்கள். பக்கத்து நிரலில் அலகையும், எண் எங்கிருந்து வந்தது, எந்தத் திகதி என்பதையும் எழுதுங்கள். வரி 30 வீதம் என்பது 2022 ஒக்டோபரில் வந்த பொது வீதம். நாளைக்கு அது மாறினால் இந்த ஒரு கலத்தை மாற்றினால் போதும். கலங்களுக்குப் பெயரும் சூட்டுங்கள், உதாரணமாக `TaxRate`, `DiscRate`. `B7` என்று இருப்பதைவிட இதை ஆறு மாதம் கழித்தும் வாசித்து விளங்கலாம்.

கணக்கிடும் தாளின் 4ஆம் வரிசையில் ஆண்டு 0 முதல் 5 வரை C முதல் H வரையான நிரல்களில் வரட்டும். 5ஆம் வரிசையில் காசு வரவு, 6இல் பெறுமானத் தேய்வு, 7இல் வரி, 8இல் இயந்திரம், 9இல் தொழிற்படு மூலதனம், 10இல் தேறிய காசுப் பாய்ச்சல். முதல் ஆண்டின் சூத்திரங்கள் இப்படி இருக்கும்; வலப்புறம் இழுத்தால் மற்ற ஆண்டுகளும் வந்துவிடும்:

```
D5: =Surplus*(1+GrowthRate)^D4
D6: =MachineCost/Life
D7: =(D5-D6)*TaxRate
```

தேய்வு 12 இலட்சம். அது காசாக வெளியே போவதில்லை, வரியைக் குறைப்பதற்காகத்தான் இந்த வரிசை. வளர்ச்சி 0 என்றால் வரி 3 இலட்சம், கையில் நிற்பது 19 இலட்சம். ஆண்டு 0இல் 65 இலட்சம் வெளியே போகிறது. தொழிற்படு மூலதனத்தின் 5 இலட்சம் ஐந்தாம் ஆண்டில் திரும்பி வருகிறது. வகுப்பில் பலர் மறப்பது இந்த வரிசையைத்தான். அதை விட்டால் விடை 2 இலட்சத்து 40 ஆயிரம் கூடிவிடும். வங்கித் தவணையை இதற்குள் சேர்க்காதீர்கள்; கடனின் செலவு ஏற்கெனவே கழிவு வீதத்துக்குள் இருக்கிறது.

உங்களுடைய குழப்பம் பெரும்பாலும் விடைக் கலத்தில்தான் இருக்கவேண்டும். எக்செல்லின் `NPV` முதல் எண்ணையே ஓர் ஆண்டு தள்ளி வருவதாக எடுத்துக் கழிக்கிறது. ஆண்டு 0ஐயும் அதற்குள் போட்டால் பிழை. சரியானது இது:

```
=C10+NPV(DiscRate,D10:H10)
```

இதில் 14 வீதத்துக்கு 282,538 ரூபா வரும். `=NPV(DiscRate,C10:H10)` என்று எழுதினால் 247,840 வரும். பிழையான விடை எப்போதும் சரியான விடையை 1.14ஆல் வகுத்ததுதான். அதனால் கூட்டல் குறி கழித்தல் ஆகாது, வாங்கலாமா வேண்டாமா என்ற முடிவும் மாறாது. இந்தப் பிழை வருடக்கணக்காகக் கண்ணில் படாமல் போவது அதனால்தான். பிடிக்க ஒரு வழி உண்டு. 11ஆம் வரிசையில் ஒவ்வோர் ஆண்டுக்கும் `=1/(1+DiscRate)^C4` என்று கழிவுக் காரணியைப் போட்டு, 10ஐயும் 11ஐயும் `SUMPRODUCT` மூலம் பெருக்கிக் கூட்டுங்கள். இரண்டு விடைகளின் வித்தியாசம் 0 என்று ஒரு சோதனைக் கலம் காட்டவேண்டும்.

விடையின் பெயரையும் கையால் எழுதாதீர்கள். வீதத்தை மாற்றிய பிறகும் பழைய தலைப்போடு அச்செடுத்த தாள் வங்கி முகாமையாளரின் மேசைக்குப் போனதைப் பார்த்திருக்கிறேன். தலைப்பே கலத்தைப் பின்தொடரட்டும்:

```
="தேறிய இன்றைய பெறுமதி (ரூபா), கழிவு வீதம் "&TEXT(DiscRate,"0.0%")
```

வீதக் கலத்துக்கு `Data Validation` போட்டு 0 முதல் 0.5 வரை மட்டும் அனுமதியுங்கள். சதவீத வடிவம் இல்லாத கலத்தில் ஒருவர் 14 என்று அடித்தால் எக்செல் அதை 1400 வீதம் என்று எடுத்துக்கொள்ளும்.

இனி, நம் நாட்டில் இந்தக் கணக்கை உண்மையில் கெடுக்கிற விடயத்துக்கு வருகிறேன். 14 வீதம் வங்கி வீதத்தை ஒட்டியது, எதிர்பார்க்கும் பணவீக்கம் அதற்குள்ளேயே இருக்கிறது. 22 இலட்சமோ இன்றைய விலையில் போட்ட எண். ஐந்து ஆண்டும் அதே 22 இலட்சம் என்று வைத்தால், கழிவில் பணவீக்கம் உண்டு, வரவில் இல்லை. வளர்ச்சிக் கலத்தில் 5 வீதம் போட்டுப் பாருங்கள், விடை 2.8 இலட்சத்திலிருந்து ஏறத்தாழ 10.5 இலட்சத்துக்குப் போகும். சரக்குக்கு முடங்கும் பணமும் விலையோடு ஏறுவதால் உண்மையில் கொஞ்சம் குறையும். ஒரே இயந்திரத்துக்கு இவ்வளவு வித்தியாசம். விரிவுரைக் கணக்கில் பணவீக்கம் பெரும்பாலும் பேசப்படாது. ஆனால் 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண் ஒரே ஆண்டில் 69.8 வீதம் ஏறியதை நாங்கள் கடந்து வந்தவர்கள். ஆகவே மாதிரியில் அந்தக் கலம் கட்டாயம் இருக்கட்டும். வளர்ச்சியைப் பணவீக்கத்துக்குச் சமமாக எடுக்கவும் வேண்டாம். கூலியும் மின்சாரமும் வேகமாக ஏறி, தூளின் விலையை அப்படி ஏற்ற முடியாவிட்டால் அது பணவீக்கத்துக்குக் கீழேதான் நிற்கும்.

முடிந்ததும் முதலில் விரிவுரையாளர் செய்து காட்டிய கணக்கின் எண்களைப் போடுங்கள். அவருடைய விடை ரூபாய்க்கு ரூபா வராவிட்டால் அப்பாவின் எண்களுக்குப் போகவேண்டாம். வந்தால் வளர்ச்சியை 0இல் வைத்து, வீதத்தை 16 ஆக்குங்கள். விடை கழித்தல் 40,786 ஆகும். மீண்டும் 14க்கு வந்து, `Goal Seek` மூலம் விடை 0 ஆகும் வரவைத் தேடினால் ஏறத்தாழ 20 இலட்சத்து 82 ஆயிரம் கிடைக்கும். ஒரு மாதத்துக்கு அது 1 இலட்சத்து 73,500 ரூபா. அந்த எண்ணை அப்பாவிடம் சொல்லி, மழைக்கால மாதங்களிலும் இந்த இயந்திரம் அவ்வளவைக் கொண்டு வருமா என்று கேளுங்கள். அதற்குரிய விடை அவருடைய கணக்குக் கொப்பியில் இருக்கிறது.